தோட்டத்து வாத்தியாருக்கு ஒரு நினைவுக் குறிப்பு: வீட்டார் சொல்வதும் காகிதம் சொல்வதும்

கேள்வி: ஐயா, தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டப் பட்டணத்தில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தாத்தா 2025 அக்டோபரில் காலமானார். ஓராண்டு நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அத்தை 89 வயது என்கிறார், அடையாள அட்டையில் 14 ஜூன் 1938 என்று இருக்கிறது. 40 வருடம் வேலை பார்த்தார், பள்ளியை ஆரம்பித்ததே அவர்தான், 1990இல் சுல்தான் அஸ்லான் ஷா கையால் பதக்கம் வாங்கினார் என்கிறார்கள். ஆனால் பள்ளி வாசலில் 1931 என்று எழுதியிருக்கிறது. மழையில் வருகைப் பதிவேட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வருவார் என்பது பாட்டி சொல்லும் ஒன்று. ஜாதக நோட்டு, ஓய்வூதியக் கடிதம், சில படங்கள் கையில் உள்ளன. எதை எழுதலாம், எதை விடலாம்?

பதில்:

பாட்டி சொன்ன அந்தப் பதிவேட்டுச் சம்பவத்தை முதலில் ஒரு தாளில் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதப்போகும் பக்கத்தில் அதற்குச் சான்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அது அவர் கண்ணால் கண்டது. "என்று அவருடைய துணைவியார் நினைவுகூர்கிறார்" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். சான்று தேவைப்படுவது நீங்கள் கேட்ட மற்ற நான்குக்கும்தான்: வயது, பணி ஆண்டுகள், பள்ளியைத் தொடங்கியது, பதக்கம். இவை நான்கும் அடுத்த தலைமுறை எடுத்துக் கையாளப்போகும் செய்திகள். பள்ளியின் நூற்றாண்டு மலரை யாராவது தொகுக்கும்போது உங்கள் பக்கத்தைத்தான் ஆதாரமாக எடுப்பார்கள். அதனால் இந்த நான்கிலும் அவசரம் வேண்டாம்.

வயதிலிருந்து தொடங்குவோம். அந்தத் தலைமுறைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைத் தேதியும் உண்மையான பிறந்த நாளும் ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம். லயத்தில் பிறந்த குழந்தையைத் தகப்பனார் கிராணியாரிடமோ டிரெஸ்ஸரிடமோ போய்ச் சொல்லி, அது பதிவு அலுவலகத்தைச் சேர்வதற்குள் வாரங்களோ மாதங்களோ ஆகிவிடும். சில வேளை பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட தேதியே பின்னால் எல்லா ஆவணங்களிலும் நிலைத்துவிடும். ஆகவே ஜாதக நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஆங்கிலத் தேதி இல்லாமல் தமிழ் வருடமும் மாதமும் மட்டும் இருந்தாலும் கணக்கிடலாம். 1937 சித்திரையில் பிறந்தது ஈஸ்வர வருடம். 1938 சித்திரையில் பிறந்தது வெகுதானிய வருடம். நோட்டில் "ஈஸ்வர வருடம், மாசி" என்றிருந்தால் அது 1938 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரைக்குள் வரும். அடையாள அட்டைத் தேதிக்கு மூன்று நான்கு மாதம் முந்தியது, அவ்வளவுதான். அப்போது 2025 அக்டோபரில் இரண்டு கணக்கிலும் அவருக்கு 87 நிறைந்திருக்கிறது. நடக்கும் வயதைச் சொல்வதானால் 88. அத்தை சொல்லும் 89 எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் நோட்டில் "தாது வருடம்" என்று இருந்துவிட்டால் கதை வேறு. தாது என்பது 1936 சித்திரை முதல் 1937 பங்குனி வரை. 1936 அக்டோபருக்குப் பிறகு பிறந்திருந்தால் அவர் நடக்கும் வயதுக் கணக்கில் 89ஐத் தொட்டிருப்பார். அதற்கும் முன்னால் பிறந்திருந்தால் 89 நிறைந்தே இருக்கும். அப்படியானால் அத்தையின் சொல்லுக்கு நோட்டு துணை நிற்கிறது. அந்த நிலையில் இரண்டையும் எழுத வேண்டும்: "அடையாள அட்டைப்படி 1938 ஜூன் 14இல் பிறந்தவர், குடும்ப ஜாதகக் குறிப்பு தாது வருடம் என்கிறது." ஒன்றை வைத்து மற்றதை மறைக்க வேண்டாம். ஏனென்றால் அவருடைய பணிக் கணக்கு முழுவதும் அட்டைத் தேதியை வைத்தே ஓடியிருக்கிறது. அந்தத் தேதியை விட்டுவிட்டால் அடுத்த கணக்கு நிற்காது.

அந்த அடுத்த கணக்குதான் 40 வருடம். 2001க்கு முன்பு மலேசிய அரசு ஊழியர்களின் கட்டாய ஓய்வு வயது 55. 2001இல் 56 ஆகவும், 2008இல் 58 ஆகவும், 2012இல் 60 ஆகவும் உயர்ந்தது. 1938 ஜூனில் பிறந்தவர் 1993 ஜூனில் 55 நிறைந்து ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அதிலிருந்து 40 வருடம் பின்னோக்கிப் போனால் 1953. அப்போது அவருக்கு 15 வயது. பதினைந்து வயதில் ஒருவர் அரசு ஆசிரியராக நியமனம் பெற முடியாது. ஆனால் இதை வைத்து வீட்டார் பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. எங்கிருந்தோ இந்த 40 வந்திருக்கிறது. எங்கிருந்து என்று தேடினால் பெரும்பாலும் ஒரு நல்ல செய்தி கிடைக்கும்.

ஓய்வூதியக் கடிதத்தையும், இருந்தால் சேவைப் பதிவேட்டையும் அருகருகே வையுங்கள். அவற்றில் தற்காலிக ஆசிரியராக முதலில் சேர்ந்த தேதி ஒன்று இருக்கும். பணி உறுதிப்படுத்தப்பட்ட தேதி ஒன்று. ஓய்வூதியத்துக்குரிய பதவியில் வைக்கப்பட்ட தேதி ஒன்று. இவற்றுக்கு இடையில் பல ஆண்டு இடைவெளி இருக்கலாம், குறிப்பாகப் பயிற்சி இல்லாமல் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி முடித்தவர்களுக்கு. ஓய்வூதியக் கடிதத்தில் உள்ள பணிக்காலம் அவர் வகுப்பறையில் நின்ற காலத்தைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். கடிதம் தொலைந்திருந்தாலும் வழி அடைபடவில்லை. பாட்டிக்கு இப்போது குடும்ப ஓய்வூதியம் வருகிறதென்றால் அதற்கான கோப்பு ஒன்று கட்டாயம் இருக்கும். 2015 நவம்பர் முதல் ஓய்வூதியத்தைக் கவனிக்கும் பொறுப்பு பொதுச் சேவைத் துறையிடமிருந்து கேவாப் என்னும் ஓய்வூதிய நிதி நிறுவனத்துக்கு மாறியிருப்பதால், பாட்டியின் பெயரில் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

அவர் 1957 ஜனவரியில் சேர்ந்தார் என்று பதிவேடு சொல்வதாக வைத்துக்கொள்வோம். 1993 ஜூன் வரை 36 ஆண்டும் சில மாதங்களும். மிச்சம் மூன்றரை ஆண்டு எங்கே போனது என்று அத்தையிடம் கேட்கும்போது, "40 வருடம் சரியா?" என்று கேட்காதீர்கள். "ஓய்வு பெற்ற பிறகு தாத்தா காலையில் எழுந்து என்ன செய்வார்?" என்று கேளுங்கள். "கோயில் மண்டபத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தேவாரமும் தமிழும் சொல்லிக்கொடுத்தார்" என்று பதில் வரலாம். அல்லது சேருவதற்கு முன்பு தோட்ட அலுவலகத்தில் எடுபிடியாக இருந்தது, பெரிய வாத்தியாருக்கு உதவியாகச் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எழுதவைத்தது என்று ஏதாவது வரலாம். வீட்டாருக்கு அதுவும் வேலைதான். அப்போது வாக்கியம் தானே அமைந்துவிடும்: "36 ஆண்டுகள் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி 1993இல் ஓய்வு பெற்றார், அதன்பின் சில ஆண்டுகள் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்தியதைக் குடும்பத்தார் நினைவுகூர்கின்றனர்." எண்ணிக்கை 40இலிருந்து 36க்கு இறங்கியதால் அவருக்குக் குறைவு ஒன்றும் இல்லை. படிப்பவருக்கு ஒரு மண்டபமும் ஒரு மாலை நேரமும் கூடக் கிடைத்திருக்கின்றன.

இனி, பள்ளியை ஆரம்பித்தவர் என்ற செய்தி. நான்கில் இதுதான் மிகவும் கடினமானது. வீட்டார் மிகவும் பிடிவாதமாக இருப்பதும் இதில்தான். வாசலில் உள்ள 1931 என்ற ஆண்டு அவர் பிறப்பதற்கு ஏழு ஆண்டு முந்தியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்ற விதி 1923 தொழிலாளர் சட்டத் தொகுப்பிலேயே இருந்தது. அந்த விதிக்காக ஏதோ ஒரு கொட்டகையில், ஏதோ ஒரு கங்காணியையோ கிராணியையோ வைத்துத் தொடங்கிய பள்ளிகள் நாட்டில் ஏராளம். உங்கள் பள்ளியும் அந்த வழியில் வந்ததாகவே இருக்க வேண்டும். ஆகவே "நிறுவினார்" என்ற சொல் நிற்காது. ஆனால் அத்தை அந்தச் சொல்லை எதை நினைத்துச் சொல்கிறார் என்பதுதான் நாம் தேட வேண்டியது.

பாகான் டத்தோ பக்கம் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியருக்கு நான் இப்படி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தபோது இதே சிக்கல் வந்தது. மகள், "அப்பாதான் பள்ளிக்கூடத்தை உண்டாக்கினார், நான் கண்ணால் பார்த்தேன்" என்றார். கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அதைத் தள்ளிவிடக் கூடாது. என்ன பார்த்தீர்கள், கையில் என்ன வைத்திருந்தீர்கள், எந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை இரண்டு பெரிய பையன்கள் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போனதையும், தான் சாக்பீஸ் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்ததையும், புதுக் கட்டடத்துச் சுவர் கைபட்டால் வெள்ளையாக ஒட்டியதையும் அவர் சொன்னார். மூன்றாம் வகுப்பு என்றார். அவர் பிறந்த ஆண்டோடு ஒன்பதைக் கூட்டினால் 1969 வந்தது. தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று அந்த ஆண்டுப் பள்ளிக் குறிப்பேட்டைப் பார்த்தபோது, பழைய தோட்டக் கட்டடத்திலிருந்து சாலையோரப் புது இடத்துக்குப் பள்ளி மாறிய நாளும், அதைப் பதிவு செய்திருந்த தலைமையாசிரியரின் கையெழுத்தும் இருந்தன. கையெழுத்து அவர் தந்தையுடையதுதான். அந்த மகளின் நினைவில் ஒரு பொருளும் தவறில்லை. அவர் அதற்கு வைத்த பெயர் மட்டுமே பெரிதாகிவிட்டது. "பள்ளி புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தபோது தலைமையாசிரியராக இருந்து அதை நடத்திவைத்தவர்" என்று எழுதி, தண்டவாளத் துண்டையும் சாக்பீஸ் டப்பாவையும் மகளின் வாய்மொழியாகவே கீழே சேர்த்தோம். அவர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

உங்கள் பள்ளியிலும் முதலில் கேட்க வேண்டியது அந்தக் குறிப்பேட்டைத்தான். பள்ளியின் அன்றாட முக்கிய நிகழ்வுகளைத் தலைமையாசிரியர் எழுதி வைக்கும் தடித்த நோட்டு அது. அதிகாரி வருகை, ஆசிரியர் மாற்றம், வெள்ளம், கட்டடம் எல்லாம் அதில் இருக்கும். அதோடு மாணவர் சேர்க்கைப் பதிவேடு ஒன்று உண்டு. பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதி, இறந்தவர் யார், உங்களுக்கு என்ன உறவு, எந்த ஆண்டுகளைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்டால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் உதவுவார்கள். சேர்க்கைப் பதிவேட்டை உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அதில் மற்றவர்களின் பிறந்த தேதியும் பெற்றோர் விவரமும் உள்ளன. உங்களுக்குத் தேவையான வரியை அவர்களே பார்த்துச் சொல்லட்டும். அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் தலைமையாசிரியர் பெயர்ப் பலகையை மட்டும் நம்பாதீர்கள். பலகையைப் பிற்காலத்தில் யாரோ நினைவிலிருந்து எழுதியிருப்பார்கள். பல பள்ளிகளில் 1957க்கு முந்திய தோட்ட நிர்வாகக் காலத்து ஆசிரியர்கள் பலகையில் ஏறவே இல்லை. "முதல் தலைமையாசிரியர்" என்ற புகழ் குடும்பங்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்தப் பலகையால்தான்.

குறிப்பேடு கிடைக்காமல் போகலாம். தோட்டம் கைமாறியபோது, வெள்ளத்தில், கறையானில் எத்தனையோ போய்விட்டன. அப்போது படங்களைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையில் "தெலுக் அன்சன்" என்றிருந்தால் அது 1982க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆண்டில்தான் ஊருக்குத் தெலுக் இந்தான் என்று பெயர் மாறியது. பழைய முத்திரையைச் சில கடைக்காரர்கள் மாற்றாமல் வைத்திருந்திருக்கலாம் என்பதால் இதை ஒரு துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள். படத்தில் பள்ளிப் பெயர்ப் பலகை தெரிந்தால் இன்னும் நல்லது. பெயருக்கு முன்னால் SRJK(T) என்ற எழுத்துகள் இருந்தால் 1996 கல்விச் சட்டத்துக்கு முந்தைய வழக்கு. SJK(T) என்று இருந்தால் அதற்குப் பிந்தையது. தாத்தா 1993இல் ஓய்வு பெற்றவர் என்பதால், பின்னதைச் சொல்லும் படத்தை அவர் பணிக் காலத்துப் படம் என்று போட்டுவிடக் கூடாது. அது ஏதோ ஒரு விழாவுக்கு அழைக்கப்பட்டு வந்திருந்தபோது எடுத்ததாக இருக்கும்.

நாளிதழ்களையும் பார்க்கலாம். கட்டடத் திறப்பு விழா, பரிசளிப்பு, பிரிவு உபசாரம் ஆகியவற்றைத் தமிழ் நாளிதழ்கள் நிருபர் கடிதமாக வெளியிட்ட காலம் அது. 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய இதழ்களை நூலகங்களில் தேட வேண்டியிருக்கும். சிங்கப்பூரிலிருந்து வரும் தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் eresources.nlb.gov.sg/newspapers தளத்தில் உள்ளன. பேராக் தோட்டச் செய்திகளும் அந்தக் காலத்து இதழ்களில் வந்திருக்கின்றன. பெயரைத் தட்டித் தேடினால் கிடைக்காததைக் கண்டு ஏமாற வேண்டாம். பழைய அச்சும் பழைய எழுத்து வடிவங்களும் கணினித் தேடலைக் குழப்பிவிடும். உத்தேச மாதம் தெரிந்தால் இதழ் இதழாகப் புரட்டுவதே பலன் தரும் வழி.

பதக்கத்துக்கு வருகிறேன். 1990, சுல்தான் அஸ்லான் ஷா, அவர் கையால் என்று மூன்று செய்திகள் இதில் பின்னியிருக்கின்றன. மூன்றும் ஒன்றாக நிற்குமா என்று பார்க்க வேண்டும். சுல்தான் அஸ்லான் ஷா 1984இல் பேராக் சுல்தானானார். ஆனால் 1989 ஏப்ரல் முதல் 1994 ஏப்ரல் வரை அவர் நாட்டின் மாமன்னர். அந்த ஐந்தாண்டும் பேராக்கில் அரசப் பேராளராக இருந்தவர் அவருடைய மகன் ராஜா நஸ்ரின் ஷா, இன்றைய சுல்தான். ஆகவே 1990இல் பேராக் மாநிலப் பதக்கம் ஒன்றை ஈப்போ மேடையிலோ கோலகங்சார் அரண்மனையிலோ தாத்தா வாங்கியிருந்தால், கொடுத்தவர் முப்பத்து மூன்று வயது ராஜா நஸ்ரினாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாறாக அது பி.பி.என். போன்ற கூட்டரசுப் பதக்கமாக இருந்தால், அது மாமன்னர் பெயரில் வழங்கப்பட்டது. அந்த மாமன்னர் அஸ்லான் ஷாதான். அப்போது அத்தை சொன்ன பெயர் சரி, "சுல்தான்" என்ற பதவிதான் இடம் மாறியிருக்கிறது. மூன்றாவது வாய்ப்பும் உண்டு: ஆண்டு தவறாக இருந்து, பதக்கம் 1989 ஏப்ரலுக்கு முன்பே கிடைத்திருக்கலாம்.

இதைத் தீர்க்கப் பதக்கத்தைவிடச் சான்றிதழே முக்கியம். உச்சியில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள். நாட்டின் சின்னமா, பேராக் மாநிலச் சின்னமா என்பது உடனே தெரிந்துவிடும். தேதி கீழே இருக்கும். கூட்டரசுப் பதக்கமென்றால் istiadat.gov.my தளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். தேடும்போது பெயரை மூன்று நான்கு விதமாக எழுதிப் பாருங்கள். நம் பெயர்கள் மலாய் எழுத்தில் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாகப் பதிவாகியிருக்கும், தகப்பனார் பெயர் சேர்த்தும் சேர்க்காமலும் இருக்கும். கிடைத்த பெயர் உங்கள் தாத்தாதான் என்பதைத் தகப்பனார் பெயரும் ஆண்டும் ஒத்துப்போவதைக் கொண்டு உறுதி செய்யுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஆசிரியர்கள் இருந்த மாவட்டங்கள் உண்டு. யார் கையால் என்பதைப் படம் மட்டுமே சொல்ல முடியும். படமும் சான்றிதழும் இல்லையென்றால், "பொதுச் சேவைக்காகப் பதக்கம் பெற்றதைக் குடும்பத்தார் நினைவுகூர்கின்றனர்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயருக்குப் பின்னால் பி.ஜே.கே. என்றோ பி.பி.என். என்றோ எழுத்துகளைச் சேர்க்காதீர்கள். விருது எழுத்துகளை நினைவிலிருந்து போடுவது எனக்கு உடன்பாடே இல்லை. அவை அரசு தரும் பட்டங்கள். தவறாகப் போட்டால் பார்ப்பவர்கள் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள்.

மாணவர்களைப் பற்றி ஒரு சொல். "அவரிடம் படித்த டாக்டர்கள், வக்கீல்கள் பலர்" என்ற வரி எல்லா நினைவு மலர்களிலும் இருக்கிறது. அதனாலேயே யார் கண்ணிலும் நிற்பதில்லை. அதற்குப் பதிலாக உயிரோடு இருக்கும் ஒரு மாணவரைத் தேடிப் பிடித்து, அவர் அனுமதியோடு, அவர் சொல்வதை இரண்டு வாக்கியத்தில் போடுங்கள். பால் வெட்டிய தாய் தகப்பனுக்குப் பிறந்து, அதே பட்டணத்தில் இன்று கடை வைத்திருப்பவராக இருந்தாலும் சரி. பிரம்படி வாங்கியதைச் சொன்னால் அதையும் விடாதீர்கள், அவரே சொன்னது என்றால். கண்டிப்பு மிகுந்த அந்தக் கால ஆசிரியரைக் கண்டிப்பே இல்லாதவராகக் காட்டினால் அவரை அறிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.

இவை எல்லாம் சரிபார்க்கப்பட்டதாக வைத்துக்கொண்டு, உங்கள் பக்கத்தின் நடுப்பகுதி எப்படி ஓடலாம் என்று எழுதிக் காட்டுகிறேன். தேதிகள் நான் மேலே ஊகமாகக் கொண்டவை. உங்கள் காகிதங்கள் சொல்வதைக் கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

"அமரர் அவர்கள் அடையாள அட்டைப்படி 1938 ஜூன் 14இல் பிறந்தவர். 1957 ஜனவரியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்து, பின்னர் பயிற்சி பெற்று, 1993 ஜூனில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார். 1931 முதல் இயங்கிவரும் இப்பள்ளி பழைய தோட்டக் கட்டடத்திலிருந்து இப்போதுள்ள இடத்துக்கு மாறியபோது அதை நடத்திவைத்த தலைமையாசிரியர் அவரே எனப் பள்ளிக் குறிப்பேடு காட்டுகிறது. அந்நாளில் மேசை நாற்காலிகளை மாணவர்களும் பெற்றோரும் தலையில் சுமந்து வந்ததை அவர் மகள் நினைவுகூர்கிறார். 1990இல் அவருக்குப் பேராக் மாநில அரசின் பதக்கம் வழங்கப்பட்டது. மழை பெய்யும் நாட்களில் வருகைப் பதிவேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளில் வீடு வருவார் என்றும், சட்டை நனைந்திருக்கும், பதிவேடு நனைந்திருக்காது என்றும் அவர் துணைவியார் சொல்கிறார். ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகள் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழும் தேவாரமும் கற்பித்ததைக் குடும்பத்தார் நினைவுகூர்கின்றனர்."

இதில் எந்த வரிக்கு எது ஆதாரம் என்று படிப்பவருக்குக் கேட்காமலே புரிகிறது. காகிதம் சொல்வது சுருக்கமாக வருகிறது. மனிதர் சொல்வது சொன்னவர் யார் என்பதோடு வருகிறது. "ஈடு இணையற்ற", "தன்னலமற்ற", "ஒளிவிளக்கு" போன்ற சொற்களை நான் சேர்க்கவில்லை. நீங்கள் சேர்க்க விரும்பினால் ஒன்றே ஒன்று சேருங்கள், அதுவும் குடும்பத்தில் யாராவது உண்மையிலேயே அவரைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தும் சொல்லாக இருக்கட்டும். "கணக்கு வாத்தியார்" என்றே ஊரில் அழைத்திருந்தால் அந்தப் பெயர் எந்த அடைமொழியையும்விட மேல்.

அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, பாட்டியின் கைப்பேசி எண் ஆகியவை மலரில் வேண்டாம். இறந்தவரின் விவரங்களை வைத்துப் பணம் பறிக்கும் ஏமாற்றுகள் நடக்கின்றன. மலர் எத்தனை கைகளுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பிறந்த தேதி முழுவதும் போடத் தயக்கமாக இருந்தால் ஆண்டு மட்டும் போடுங்கள், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

எழுதி முடித்ததும் பாட்டிக்கு மெதுவாகப் படித்துக் காட்டுங்கள், அத்தையும் பக்கத்தில் இருக்கட்டும். 89 ஏன் 87 ஆனது, "ஆரம்பித்தார்" ஏன் "நடத்திவைத்தார்" ஆனது என்பதை ஜாதக நோட்டையும் படத்தையும் கையில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். படிக்கும்போது பாட்டி இடைமறித்து, "அது அப்படி இல்லை, அன்றைக்குச் சைக்கிளே இல்லை, நடந்துதான் வந்தார்" என்று சொன்னால் உடனே திருத்திக்கொள்ளுங்கள். அந்த வரிக்கு அவர்தான் ஆதாரம். பள்ளி அலுவலகத்துக்கு மலரின் ஒரு பிரதியையும், எந்தச் செய்தியை எந்தக் காகிதத்திலிருந்து எடுத்தீர்கள் என்று தனியாக எழுதிய ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தாளை மலரில் அச்சிட வேண்டியதில்லை.